பார்வை திரும்பிவிட்டது, வி.இ.பி. தாமதம் மட்டும் ஏன் போகவில்லை?

மருதன்21

வணக்கம். நான் முதலாண்டு மருத்துவ மாணவன். வகுப்பில் ஒரு நோயாளியின் விவரத்தைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பாதி எழுதியதும் மாட்டிக்கொண்டேன்.

28 வயதுப் பெண். வலது கண்ணை அசைத்தால் வலி. இரண்டே நாளில் பார்வை மங்கி, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிந்திருக்கிறது. பார்வை நரம்பு அழற்சி என்று கண்டறிந்தார்கள். கண் பார்த்ததற்கு மூளையில் மின்னலை எழ எத்தனை நேரம் ஆகிறது என்று அளக்கும் சோதனைதான் வி.இ.பி. மூன்றாவது வாரம் எடுத்த வி.இ.பி.யில் பி100 அலை வலது கண்ணுக்கு 142 மில்லி விநாடியில் வந்தது, இடது கண்ணுக்கு 102. ஆறு மாதம் கழித்து வலது கண்ணால் 6/6 வரி வரை படிக்கிறார். ஆனால் பி100 இன்னமும் 124-இல் நிற்கிறது.

"ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் நரம்பிழைகளின் மயலின் உறையைத் திரும்பக் கட்டிவிட்டன, அதனால் பார்வை வந்தது" என்று எழுதினேன். அப்படியானால் தாமதமும் போயிருக்க வேண்டுமே? கட்டவில்லை என்றால் பார்வை எப்படி வந்தது? மூளையின் மற்றத் துணைச் செல்களான அஸ்ட்ரோசைட், மைக்ரோக்ளியா இரண்டையும் விடையில் சேர்க்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். இந்தக் கதையில் அவற்றுக்கு என்ன வேலை என்று எனக்குப் பிடிபடவில்லை.

கதிரொளி

இது நேரடியான கேள்விதான். நரம்பு அடிபட்டால் ஷ்வான் செல்கள் வந்து உறையைப் புதுப்பிக்கும். கையில் வெட்டுப்பட்ட நரம்பு சில மாதங்களில் மெல்ல வளர்ந்து வருகிறதல்லவா, அதே கதை இங்கேயும். ஆறு மாதம் போதவில்லை, அவ்வளவுதான். இன்னும் ஒரு வருடம் விட்டுப் பார்த்தால் 102-க்கு வந்துவிடும்.

புது உறை பழையதைவிட மெல்லியதாக இருக்கும் என்றும் படித்திருக்கிறேன். மீதித் தாமதத்துக்கு அது காரணமாக இருக்கலாம்.

வெண்பனி

எனக்கும் இதே போல வலது கண்ணில் வந்தது. ஸ்டீராய்டு எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று எழுதவில்லையே? எனக்கு முதல் தடவை ஐந்து நாள் ஊசி போட்டும் பார்வை பாதிதான் திரும்பியது. உங்கள் நோயாளிக்கு முழுதாக வந்திருப்பதைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஏன் அப்படி வரவில்லை என்று புரியவில்லை.

சுடர்விழி

மருதன், நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். அதைப் பிரித்துவிட்டால் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் கதிரொளி சொன்னதைத் திருத்த வேண்டும். பார்வை நரம்புக்குப் பெயர்தான் நரம்பு. கருவில் அது மூளையிலிருந்தே நீண்டு வளர்கிறது, அதனால் அதற்கு உறை போடுவது ஒலிகோடென்ட்ரோசைட். மூளை, தண்டுவடத்தின் மயலின் உறையை அழிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற எம்.எஸ். நோய் கைநரம்பை விட்டுவிட்டுக் கண்ணைத் தாக்குவதும் இதனால்தான். ஷ்வான் செல் ஓர் ஆக்ஸானின், அதாவது ஒரு நரம்பிழையின், ஒரே ஒரு துண்டுக்கு உறை போடும். ஒலிகோடென்ட்ரோசைட் கைகளை நீட்டிப் பல ஆக்ஸான்களில் நாற்பது, ஐம்பது துண்டுகள் வரை போடக்கூடியது. அப்படி ஒரு செல் செத்தால் அக்கம்பக்கத்திலுள்ள பல ஆக்ஸான்கள் ஒவ்வொன்றும் ஒரு துண்டு உறையை இழக்கும். ஆக்ஸான் பிழைத்திருக்கும், நடுவில் ஓர் இடம் மட்டும் வெறுமையாகிவிடும்.

அந்த வெற்றிடத்தில் என்ன நடக்கிறது? உறை உள்ள ஆக்ஸானில் சைகையைக் கிளப்பும் சோடியம் வாயில்கள், உறைத்துண்டுகளுக்கு இடையே உள்ள ரான்வியர் கணுக்களில்தான் நெருக்கமாக இருக்கும். உறைக்கு அடியில் அவை மிகக் குறைவு. உறை திடீரென்று போனால் சைகை அங்கே வந்து அணைந்துவிடும். அதோடு அழற்சியும் வீக்கமும் சேர்ந்துகொள்ளும். முதல் வாரங்களில் பார்வை போனதற்கு இந்த அடைப்புதான் காரணம். அப்புறம் வீக்கம் வடியும், ஆக்ஸான் அந்த வெறும் பகுதி முழுக்கச் சோடியம் வாயில்களைப் பரப்பும். சைகை தாவிப் போகாமல் ஊர்ந்து போகும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் ஓர் உறைத்துண்டுகூடப் புதிதாகக் கட்டாமலே பார்வை கணிசமாகத் திரும்ப முடியும்.

எழுத்துப் பலகையைப் படிக்கச் சைகை வந்து சேர்ந்தால் போதும், எத்தனை மில்லி விநாடி பிந்தியது என்பது அங்கே தெரியாது. வி.இ.பி. அளப்பது அந்தப் பிந்தலை.

மருதன்21

இது இதுவரை யாரும் சொல்லித்தராத விஷயம். அப்படியானால் 142-இலிருந்து 124 ஆனதுதான் உறை கட்டியதன் அடையாளமா? மீதமுள்ள 22 மில்லி விநாடி, கதிரொளி சொன்னதுபோல் புது உறை மெல்லியதாக இருப்பதாலா?

சுடர்விழி

மெல்லிய உறை என்பது பாதி உண்மை. புது உறை மெல்லியதுதான், துண்டுகளும் குட்டையானவைதான். ஆனால் 22 மில்லி விநாடியை அதன் தலையில் மட்டும் போட முடியாது. கணக்காகப் பார்ப்போம்.

உறையுள்ள ஆக்ஸானில் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 செ.மீ. கடக்க 2 மில்லி விநாடி. உறை போன பகுதியில் வேகம் இருபதில் ஒரு பங்காகக் குறையலாம், அதாவது விநாடிக்கு அரை மீட்டர். அதே 2 செ.மீ. கடக்க இப்போது 40 மில்லி விநாடி ஆகும். கூடுதல் 38. உங்கள் நோயாளியின் முதல் தாமதம் 142-க்கும் 102-க்கும் இடையே 40. பார்வை நரம்பின் மொத்த நீளம் ஏறக்குறைய 5 செ.மீ., ஆகவே 2 செ.மீ. சேதம் நம்பக்கூடிய அளவுதான்.

இப்போது மெல்லிய உறையைப் பார்ப்போம். அந்த 2 செ.மீ. முழுவதும் மெல்லிய உறை வந்து, வேகம் பாதியாகவே நின்றது என்று வைத்தாலும் 4 மில்லி விநாடிதான் ஆகும். கூடுதல் வெறும் 2. நமக்கு மிஞ்சி நிற்பதோ 22. அப்படியானால் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் இன்னமும் வெறுமையாகவே கிடக்கிறது என்று கொள்வதுதான் பொருந்தும். லட்சக்கணக்கான ஆக்ஸான்களின் கூட்டு அலை என்பதால் இந்த நீளத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் வைத்த வேகங்களும் தோராயமானவை. ஆனால் எது பெரிய காரணம், எது சிறியது என்பதை இது காட்டிவிடும்.

கதிரொளி

ஒப்புக்கொள்கிறேன், ஷ்வான் செல் விஷயம் என் தவறு. ஆனால் வெறுமையாக ஏன் விட வேண்டும்? மூளை முழுக்க, ஒலிகோடென்ட்ரோசைட்டாக முதிரக்கூடிய முன்னோடிச் செல்கள் இருக்கின்றன என்கிறார்களே. என் ஊகம் இது: மைக்ரோக்ளியா அழற்சியைக் கிளப்பி எல்லாவற்றையும் கெடுக்கிறது. அதை அடக்கினால் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் நிம்மதியாக வேலை செய்யும். மைக்ரோக்ளியாவில் எம்1 கெட்டது, எம்2 நல்லது என்று இரண்டு வகை உண்டு, கெட்டதை மட்டும் அடக்க வேண்டும்.

பழைய நுண்ணோக்கி

நான் முப்பது வருடம் திசுவியல் கூடத்தில் சாயம் போட்டவன். கதிரொளி தம்பிக்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

உறை சிதைந்த திசுவில் லக்ஸால் ஃபாஸ்ட் புளூ போட்டால் நல்ல மயலின் நீலமாக நிற்கும். சேதம் புதியதாக இருந்தால், நடுவில் உருண்டு பருத்த செல்களின் வயிற்றுக்குள்ளும் நீலத் துகள்கள் தெரியும். அவை விழுங்கிய மயலின். நாளாக ஆக நீலம் மறைந்துவிடும். அப்போது ஆயில் ரெட் ஓ போட்டால் அதே செல்கள் சிவப்பாக நிறையும், ஏனென்றால் மயலின் செரித்து வெறும் கொழுப்பாகிவிட்டது. இதை உறைநிலையில் சீவிய திசுவில்தான் பார்க்க முடியும். மெழுகில் பதித்தால் அந்த வேலையிலேயே கொழுப்பு கரைந்து ஓடிவிடும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள், "இங்கே கொழுப்பே இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

உறை திரும்பிய இடம் எப்படி இருக்கும் தெரியுமா? வெள்ளையும் இல்லை, முழு நீலமும் இல்லை. வெளிறிய நீலத்தில் நிழல் விழுந்த மாதிரி இருக்கும். அதை நிழல் தழும்பு என்போம்.

மைக்ரோக்ளியாவை ஸ்பானிய ஆய்வாளர் ரியோ ஓர்டேகா 1919-இல் வெள்ளி கார்பனேட் சாயத்தால்தான் தனியாகப் பிரித்துக் காட்டினார். ஒலிகோடென்ட்ரோசைட்டையும் அவர்தான் 1921-இல் பிரித்தார். அதுவரை இரண்டும் ஒரே கும்பலாகக் கிடந்தன. நல்ல சாயம் கிடைத்தால்தான் செல் கண்ணுக்குத் தெரியும் என்று எங்களுக்குப் பாடமாகச் சொல்லுவார்கள்.

சுடர்விழி

ஐயா சொன்ன அந்த நீலத் துகள்தான் கதிரொளியின் கேள்விக்கும் பதில்.

உதிர்ந்த மயலின் வெறும் குப்பை என்று நினைத்துவிடக்கூடாது. அது முன்னோடிச் செல்லிடம் "முதிராதே" என்று சொல்லும் பொருள். குப்பை கிடக்கும் இடத்துக்கு முன்னோடிச் செல்கள் வந்துவிடும், பெருகவும் செய்யும், ஆனால் உறை போடும் செல்லாக முதிராமல் நின்றுவிடும். குப்பையை விழுங்குவது மைக்ரோக்ளியாவும் இரத்தத்திலிருந்து வந்த மாக்ரோஃபேஜ்களும். எலிகளில் மாக்ரோஃபேஜ்களைக் குறைத்துப் பார்த்தபோது உறை கட்டுவது பிந்தியது. எனவே மொத்தமாக அடக்கினால் கட்டட வேலைக்கு முன்னால் நடக்க வேண்டிய அப்புறப்படுத்தலே நின்றுவிடும்.

சுண்டெலியின் தண்டுவடத்தில் லைசோலெசித்தின் செலுத்தி ஒரு சிறு இடத்தில் மட்டும் உறையை அழிப்போம். நான் சில வருடம் இதைச் செய்திருக்கிறேன். மூன்றாம் நாள் வெறும் ஆக்ஸான்களும் குப்பையும்தான் இருக்கும். ஒரு வாரத்துக்குள் முன்னோடிச் செல்கள் நிரம்பும். இரண்டாம் வாரம் முதிரத் தொடங்கும். மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலான ஆக்ஸான்கள் மெல்லிய உறையோடு நிற்கும். இது இளம் விலங்கில். வயதான விலங்கில் இதே பாதை இழுத்துக்கொண்டே போகும். குப்பை அகற்றுவதே முதலில் பிந்துகிறது. விழுங்கிய செல்களுக்குள் கொழுப்பு வெளியேறாமல் தேங்கி, கொலஸ்டிரால் படிகமாகவே படிந்துவிடுகிறது. மயலினில் கொலஸ்டிரால் மிக அதிகம், அதைச் செல் உடைத்துத் தீர்க்க முடியாது, வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும். வயதான விலங்கையும் இளம் விலங்கையும் இரத்த ஓட்டத்தால் இணைத்த சோதனையில், இளம் விலங்கின் விழுங்கு செல்கள் வந்து சேர்ந்ததும் வயதான விலங்கில் உறை கட்டுவது தேறியது.

எம்1, எம்2 என்ற பிரிவு செல்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்த காலத்து வசதி. திசுவுக்குள் ஒரே செல் காலையில் அழற்சிப் பொருளையும் மாலையில் வளர்ச்சிப் பொருளையும் சுரக்கலாம், இரண்டையும் சேர்த்தும் சுரக்கலாம். இன்னொரு தொல்லையும் உண்டு. மைக்ரோக்ளியா கருவின் மஞ்சள்கருப் பையிலிருந்து வந்து மூளையில் குடியேறியவை, மாக்ரோஃபேஜ் இரத்தத்திலிருந்து வந்தது. ஆனால் காயத்துக்குள் இரண்டும் ஒரே தோற்றம் எடுத்துவிடும். மைக்ரோக்ளியாவுக்கே உரிய சில அடையாளப் புரதங்கள் கிளர்ச்சியில் மங்கிவிடுவதால், யார் யார் என்று சொல்வது உண்மையிலேயே கடினம்.

வெண்பனி

இதெல்லாம் படித்து என் பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். எனக்கு முதலில் எம்.எஸ். என்றுதான் சொன்னார்கள், அதற்கான ஊசியும் தொடங்கினார்கள். அப்புறம் ஆறு மாதத்தில் கால் மரத்துப்போய் இன்னும் மோசமானது. வேறொரு மருத்துவர் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் சோதனை எழுதினார், அது பாசிட்டிவ். மருந்தை மாற்றிய பிறகுதான் அடங்கியது. என் வி.இ.பி.யில் வலது கண்ணுக்கு அலையே வரவில்லை. தாமதம் என்று எழுதவே இடமில்லாமல் போயிற்று.

என் கண்ணில் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் சோம்பேறித்தனமாக இருந்தனவா? அப்படித்தான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

சுடர்விழி

வெண்பனி, நீங்கள் பட்டதைப் படித்து வருத்தமாக இருந்தது. உங்கள் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் மேல் தவறில்லை. உங்களுக்கு முதலில் அடிபட்டது அஸ்ட்ரோசைட்.

அஸ்ட்ரோசைட்டின் பாதங்கள் இரத்தக் குழாய்களைச் சுற்றிப் பிடித்திருக்கும். அந்தப் பாதங்களில்தான் அக்வாபோரின்-4 என்ற நீர்வாயில் குவிந்திருக்கிறது. உங்கள் நோயான நியூரோமைலிடிஸ் ஆப்டிகாவின் எதிர்ப்பொருளை 2004-இல் விவரித்தார்கள், அது இந்த வாயிலைத்தான் குறிவைக்கிறது என்று அடுத்த வருடம் தெரிந்தது. எதிர்ப்பொருள் ஒட்டியதும் இரத்தத்தின் காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்கள் வந்து அஸ்ட்ரோசைட்டைத் துளைத்துக் கொல்கின்றன. ஒலிகோடென்ட்ரோசைட்டில் அந்த நீர்வாயில் கிடையாது, ஆனாலும் அது பின்னாலேயே சாகிறது.

ஏன் என்பதில்தான், மருதன், உங்கள் ஆசிரியர் அஸ்ட்ரோசைட்டைச் சேர்க்கச் சொன்னதன் காரணம் இருக்கிறது. ஆக்ஸான் ஒவ்வொரு சைகைக்கும் பொட்டாசியத்தை வெளியே விடும். அதை அஸ்ட்ரோசைட் உறிஞ்சி இரத்தக் குழாய்ப் பக்கம் கடத்திவிடுகிறது. நரம்பு முனைகள் கக்கும் குளூட்டமேட்டையும் அதுவே வாரிக்கொள்கிறது. ஒலிகோடென்ட்ரோசைட்டோடு அது சந்து இணைப்புகளால் நேரடியாகவே கைகோத்திருக்கிறது. அஸ்ட்ரோசைட் போனால் குளூட்டமேட்டும் பொட்டாசியமும் தேங்கும், அந்தத் தேக்கத்தை ஒலிகோடென்ட்ரோசைட் தாங்காது. இதில் எந்த வழி முதன்மையானது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

எம்.எஸ். மருந்துகளில் சில, குறிப்பாக இன்டர்ஃபெரான் பீட்டா, உங்கள் நோயைத் தீவிரமாக்கும் என்று தெரிந்த விஷயம். நீங்கள் மோசமானதற்கு அது காரணமா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் மருத்துவரிடம் கேட்டால் பழைய மருந்தின் பெயரைப் பார்த்துச் சொல்வார்.

கதிரொளி, உங்களுக்கும் ஒரு செய்தி. அஸ்ட்ரோசைட் அழிந்த தண்டுவடப் பகுதிகளில் ஷ்வான் செல்கள் உள்ளே புகுந்து உறை போடுவது உண்டு. வழக்கமாக அவற்றை உள்ளே விடாதது அஸ்ட்ரோசைட்தான். நீங்கள் சொன்னது இடம் மாறி உண்மையாகிறது.

வெண்பனி

இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஒரு செல் செத்தால் அதைச் சார்ந்த இன்னொன்று சாகிறது என்பது புரிந்தது. நன்றி அக்கா.

நெய்தல்_செல்

நல்ல இழை, ஆனால் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. முன்னோடிச் செல் வந்து, முதிர்ந்து, உறை போடுகிறது என்பதெல்லாம் சுண்டெலியில் சரி. மனிதனிடம் அப்படித்தான் என்று எழுத வேண்டாம்.

அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கார்பன்-14 அளவை வைத்துச் செல்லின் பிறப்பு வருடத்தைக் கணிக்கும் முறை உண்டு. 2019-இல் எம்.எஸ். நோயாளிகளின் மூளையில் அதைச் செய்தார்கள். நிழல் தழும்புகளில் இருந்த ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் புதிதாகப் பிறந்தவையாகத் தெரியவில்லை. பிழைத்து நின்ற பழைய செல்களே திரும்ப உறை போட்டிருக்கலாம் என்றார்கள். அது சரி என்றால், முன்னோடிச் செல்லைத் தட்டி எழுப்பும் மருந்து தேடுவதே கோணலான வழியாகிவிடும்.

சுடர்விழி

அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் நிழல் தழும்பு என்பது உண்மையிலேயே உறை போய்த் திரும்பிய இடமா, அல்லது பாதி மட்டும் உரிந்து அப்படியே நின்ற இடமா? வெளிறிய நீலத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. பாதி உரிந்த இடமாக இருந்தால் பழைய செல்கள் இருப்பதில் வியப்பில்லை.

மருந்து பற்றி ஒன்று. முன்னோடிச் செல்லை முதிரவைக்கும் என்று கருதிக் கிளெமஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மருந்தை 50 நோயாளிகளிடம் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். வி.இ.பி. தாமதம் குறைந்தது, ஆனால் ஒரு கண்ணுக்குச் சராசரியாக 1.7 மில்லி விநாடிதான். மருதனின் நோயாளிக்கு 22 மீதமிருக்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னால் முற்றிய நிலை நோயாளிகளிடம் நடந்த வேறொரு சோதனையில் சிலருக்கு நிலை வேகமாக மோசமானதால் இந்த மருந்துப் பிரிவை நிறுத்திவிட்டார்கள். கடையில் கிடைக்கிறதே என்று யாரும் தானாக வாங்கி விழுங்க வேண்டாம்.

பழைய நுண்ணோக்கி

சுடர்விழி கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் கூடத்திலும் இரண்டு பேர் ஒரே கண்ணாடிச் சில்லைப் பார்த்து ஒருவர் "திரும்பியது" என்பார், மற்றவர் "தேய்ந்தது" என்பார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் போட்டு, ஆக்ஸான் பருமனுக்கு உறை எவ்வளவு தடிமன், துண்டு எவ்வளவு குட்டை என்று அளந்தால்தான் சண்டை ஓயும். சிறு ஆக்ஸான்களில் அதுவும் ஏமாற்றும், ஏனென்றால் அவற்றின் உறை இயல்பிலேயே மெல்லியது.

மருதன்21

எல்லோருக்கும் நன்றி. விடையை முழுவதும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நோயாளியின் தாளில் இன்னும் இரண்டு வரி இருந்தது, தேவையில்லை என்று நான்தான் முதலில் விட்டுவிட்டேன். ஆறாம் மாத வி.இ.பி.யில் அலையின் உயரம் வலது 8 மைக்ரோவோல்ட், இடது 9. அப்புறம், "ஓடி முடித்ததும் வலது கண் பத்து நிமிடம் மங்குகிறது, உடம்பு ஆறியதும் சரியாகிறது" என்று அவர் சொன்னதாகக் குறிப்பு.

சுடர்விழி

அந்த இரண்டு வரிகளை முதலில் எழுதியிருந்தால் நான் இவ்வளவு கணக்குப் போட்டிருக்க வேண்டாம்.

உயரம் ஏறக்குறைய சமம் என்றால் பெரும்பாலான ஆக்ஸான்கள் உயிரோடு இருந்து சைகையைக் கடத்துகின்றன. வெண்பனிக்கு அலையே வராததோடு இதை வைத்துப் பாருங்கள். ஆக்ஸான் போய்விட்டால் உயரம் விழும். உறை மட்டும் போனால் அலை பிந்தும்.

ஓடினால் மங்குவது உட்டாஃப் நிகழ்வு. உடல் வெப்பம் சற்று ஏறினாலே சோடியம் வாயில்கள் சீக்கிரம் மூடிக்கொள்கின்றன, சைகையின் நேரம் சுருங்குகிறது, அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரும் மின்னோட்டம் குறைகிறது. உறையுள்ள ஆக்ஸானில் தேவைக்குமேல் பல மடங்கு மின்னோட்டம் கையிருப்பு உண்டு, அதனால் அது கவலைப்படாது. வெறும் பகுதி விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும், அது மட்டும் அணைந்துவிடும். மெல்லியதாகவேனும் உறை முழுக்க வந்திருந்தால் இவ்வளவு எளிதாக அணையாது. அவருடைய நரம்பில் வெறும் பகுதி இன்னமும் இருக்கிறது என்பதற்கு 124-ஐவிட இந்தக் குறிப்பு நல்ல சாட்சி.

மருதன்21

அப்படியானால் அந்த வெறும் பகுதியில் குப்பை இன்னும் கிடக்கிறதா, குப்பை போயும் முன்னோடிச் செல்கள் முதிராமல் நிற்கின்றனவா? உயிரோடு இருக்கும் ஒருவரிடம் இதைப் பிரித்துப் பார்க்க ஏதாவது வழி உண்டா?

நெய்தல்_செல்

கிளர்ந்த மைக்ரோக்ளியாவையும் மாக்ரோஃபேஜையும் காட்டும் பெட் ஸ்கேன் இருக்கிறது. ஆனால் அது பிடித்துக்கொள்ளும் டி.எஸ்.பி.ஓ. புரதம் அஸ்ட்ரோசைட்டிலும் இருக்கிறது. பார்வை நரம்பு வேறு சில மில்லி மீட்டர் பருமன்தான், படத்தில் கலங்கிவிடும். குப்பை வேறு, முதிராத செல் வேறு என்று அதில் பிரிக்க முடியாது. இந்தக் கேள்வியை அப்படியே விடையின் கடைசியில் எழுதுங்கள்.